ஆற்றங்கரையில் ஆகாத மாத்திரை
(ஒட்டுண்ணிகள் – தொடர்)

சென்ற வாரம் யானைக்கால் நோயைப் படித்த தாமல் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “காஞ்சிபுரத்தில் எங்களுக்குக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையையே ஆப்பிரிக்காவின் ஆற்றுக் குருட்டு நோய்க்கும் கொடுக்கலாமே?” இரண்டும் இழைப்புழு நோய்கள்தாம். ஆனாலும் கொடுக்கக் கூடாது.

யானைக்காலைப் பரப்பும் கொசு சாக்கடையில் வளர்கிறது. ஆற்றுக் குருட்டைப் பரப்பும் கரு ஈக்குத் தாமல் ஏரியைப் போல நிற்கும் நீர் உதவாது. பாறையில் மோதி விரையும் நீர் வேண்டும். அதன் இளம்புழு எச்சில் சுரப்பியிலிருந்து பட்டு நூற்று, பாறையில் ஒட்டி, அதில் வால் கொக்கியை மாட்டிக்கொள்கிறது. தலையிலுள்ள விசிறி மயிர்களால் ஓட்டம் கொண்டுவரும் இரையை வடிகட்டி உண்கிறது. ஓட்டம் நின்றால் இரையும் இல்லை, பிராணவாயுவும் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் கரு ஈக்கள் உண்டு. ஆனால் ஆற்றுக் குருட்டுப் புழு இந்தியாவில் பரவவில்லை.

அந்தப் பெண்புழு தோலுக்கடியில் கட்டியாகச் சுருண்டு பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும்; நாளும் ஆயிரம் அளவில் குஞ்சுகளை ஈனும். குஞ்சுகள் தோலிலும் கண்ணிலும் ஊர்கின்றன. அவை சாகும்போது உடல் காட்டும் அழற்சியே தீராத அரிப்புக்கும் விழிவெண்படல வடுவுக்கும் காரணம்.

டி.இ.சி. ஆகாததன் காரணம் இதுதான். அது குஞ்சுகளை ஒரேயடியாகக் கொல்லும். சில மணி நேரத்தில் காய்ச்சல், வீக்கம், கடும் அரிப்பு. கண்ணில் குஞ்சுகள் இருந்தால் மிச்சப் பார்வையும் போகலாம்.

அதற்குப் பதிலாகக் கொடுக்கும் ஐவர்மெக்டின் குஞ்சுகளை முடக்குகிறது. அவை தோலிலிருந்து விலகி நிணநீர்க் கணுக்களில் அழிவதால் அழற்சி பெரும்பாலும் மட்டுப்படும். ஓரிரு மாதத்தில் தோலில் குஞ்சுகள் மிகவும் குறைந்து, அரிப்பு தணிகிறது. கண்ணின் தொடக்கநிலைப் பாதிப்பும் ஆறுகிறது. பழைய வடுவும் போன பார்வையும் மட்டும் மீளாது.

எடையில் கிலோவுக்கு 150 மைக்ரோகிராம் அளவு. கிராமங்களில் தராசுக்குப் பதில் அளவுகோலை நிறுத்தி உயரம் பார்ப்பார்கள்: 158 செ.மீ.க்கு மேல் என்றால் 3 மி.கி. மாத்திரை நான்கு, 90 செ.மீ.க்குக் கீழுள்ள குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கிடையாது. தாய்ப்புழு இதில் சாவதில்லை. சில மாதங்களில் மீண்டும் ஈனும். ஆகவே அது மூப்படைந்து மடியும்வரை, ஊரார் பெரும்பாலோர் ஆண்டுதோறும் விழுங்க வேண்டும். 1987இல் மெர்க் நிறுவனம் மருந்தை இலவசமாகத் தர முன்வந்ததால்தான் அது முடிந்தது. கொலம்பியா 2013இல் நோயொழித்த முதல் நாடானது. ஆப்பிரிக்காவில் நைஜர், 2025இல்.

ஆற்றுக் குருடு இல்லாததால்தான் இந்தியாவில் யானைக்காலுக்கு டி.இ.சி., ஐவர்மெக்டின், அல்பெண்டசோல் மூன்றையும் சேர்த்தே கொடுக்க முடிகிறது.

நடு ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்ற மற்றொரு புழு ரத்தத்தில் மிகுந்தவர்களுக்கு ஐவர்மெக்டினே மூளையைப் பாதிக்கலாம். அங்கே ரத்தம் சோதித்து மருந்து தரும் முறையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)