பைல் குழிக்குள் எவ்வளவு கான்கிரீட் போகும்?

வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண் நிலத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் மண் பரிசோதனை அறிக்கை பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லும்: மேல்மண்ணை நம்பாதே, கீழே போ. அப்போதுதான் பைல் என்ற பேச்சு வருகிறது. ஆகர் கொண்டு மண்ணைத் துருவி எடுத்து, வட்டமாக ஓர் ஆழ்குழி போட்டு, கம்பிக்கூட்டை இறக்கி, கான்கிரீட்டால் நிரப்புகிறார்கள். வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, கான்கிரீட் எவ்வளவு ஆகும் என்பதுதான். அந்தக் கணக்கைக் காசுக்காக மட்டும் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். மண்ணுக்குள் மறைந்துபோகும் பைல் சரியாக வந்திருக்கிறதா என்று அன்றைக்கே காட்டிக்கொடுப்பதும் அதே கணக்குதான்.

கணக்கு எளிது. விட்டத்தை விட்டத்தால் பெருக்குங்கள், அதை 0.785-ஆல் பெருக்குங்கள், பிறகு ஆழத்தால் பெருக்குங்கள். எல்லாமே அடியில் இருந்தால் விடை கன அடியில் வரும். ஒன்றரை அடி விட்டம், 20 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம்.

1.5 × 1.5 × 0.785 × 20 = 35.3 கன அடி

ஒரு கன மீட்டர் என்பதும் ஏறக்குறைய 35.3 கன அடிதான். ஆகவே ஒன்றரை அடிக்கு 20 அடி பைல் ஒன்றுக்கு ஒரு கன மீட்டர் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்த 0.785-ஐ விட்டுவிட்டு ஒன்றரைக்கு ஒன்றரை என்று பெருக்கினால் 45 கன அடி வரும். அது சதுரக் குழியின் கணக்கு. உள்ளதைவிட 27 சதவீதம் கூடுதல். மேற்கோள் தாளில் கன அடி விலை போட்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆழத்தில் ஓர் அடி கூடினால் 20 அடி பைலில் 5 சதவீதம்தான் கூடும். விட்டம் அப்படியில்லை. 18 அங்குல ஆகர் மண்ணில் சற்று ஆடி, குழி 20 அங்குலமாகிவிட்டால் கான்கிரீட் 23 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் விட்டம் கணக்கில் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. ஆழத்தை எல்லோரும் டேப் விட்டுப் பார்க்கிறார்கள். ஆகரின் குறுக்களவை அளந்து பார்ப்பவர்கள் குறைவு. தேய்ந்துபோன ஆகர் 18 அங்குலம் என்று பெயருக்குச் சொல்லிக்கொண்டு 17 அங்குலக் குழிதான் போடும்.

இனி 14 பைல் உள்ள ஒரு வீட்டுக்குக் கணக்குப் போடுவோம். ஏட்டுக் கணக்கில் 14 கன மீட்டர். ஆனால் குழியில் ஊற்றும்போது முதலில் விழுந்த கான்கிரீட் சேற்றையும் தண்ணீரையும் மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. அந்த அழுக்குக் கலந்த தலைப்பகுதியைப் பின்னால் உடைத்து எடுத்துவிட்டு, நல்ல கான்கிரீட்டின் மேல்தான் பைல் கேப் போட வேண்டும். அதற்காக இரண்டடி கூடுதலாக நிரப்புகிறோம். 22 அடிக்கு 38.9 கன அடி, அதாவது 1.1 கன மீட்டர். குழிச்சுவர் கொஞ்சம் சரிவதற்கும் சிந்துவதற்கும் 10 சதவீதம் சேர்த்தால் பைலுக்கு 1.21. மொத்தம் 17 கன மீட்டர். கம்பி அடைக்கும் இடத்தைக் கழிக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். 16 மி.மீ. கம்பி ஆறு நின்றாலும் குழியின் பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான், விட்டுவிடலாம்.

17 கன மீட்டரையும் ஒரே நாளில் வரவழைக்கக் கூடாது. களிமண்ணில் குழியைத் திறந்து வைத்திருந்தால் சுவர் உள்ளே பிதுங்கும், அடியில் சேறு சேரும். அன்றைக்குப் போட்ட குழியை அன்றைக்கே நிரப்பிவிட வேண்டும். நாளைக்கு நான்கு குழி முடியும் என்றால் 4.84, முழுதாக்கி 5 கன மீட்டர் ரெடிமிக்ஸ். ஐந்தாவது குழி பாதி நிரம்பிய நிலையில் லாரி காலியாகிவிட்டால், அடுத்த லோடு வருவதற்குள் கீழே உள்ளது இறுகத் தொடங்கி, அந்த இடத்தில் பைல் இரண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும்.

குழியை நிரப்பும் நேரத்தில்தான் கணக்கின் இரண்டாவது வேலை தொடங்குகிறது. வேலையிடத்திலேயே மிக்ஸரில் கலக்குகிறார்கள் என்று கொள்வோம். கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமென்ட் என்றால் ஒரு மூட்டைக் கலவை சுமார் 4.4 கன அடி வரும். ஜல்லி, மணல் அளவைப் பொறுத்து இது மாறும் என்பதால், முதல் கலவையை அளவு தெரிந்த பெட்டியில் கொட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்றரை அடி குழியில் ஓர் அடி உயரம் நிரம்ப 1.77 கன அடி வேண்டும். ஆக, ஒவ்வொரு கலவைக்கும் குழிக்குள் கான்கிரீட் இரண்டரை அடி ஏற வேண்டும். நுனியில் எடை கட்டிய டேப்பைக் கலவைக்குக் கலவை இறக்கினால் தெரிந்துவிடும்.

"அண்ணே, இந்தத் தடவ மூன்றரை அடி ஏறிடுச்சு" என்று உதவியாளர் சொன்னால், கான்கிரீட் மிச்சமாகிறது என்று மேஸ்திரி மகிழக் கூடாது. 4.4 கன அடி மூன்றரை அடி ஏறியிருக்கிறதென்றால் அந்த இடத்தில் குழி 15 அங்குலம்தான் இருக்கிறது. சுவர் பிதுங்கி நெருக்கியிருக்கலாம்; மண் சரிந்து கான்கிரீட்டோடு கலந்திருக்கவும் கூடும். பைலுக்கு அங்கே கழுத்து விழுந்துவிட்டது. மாறாக, இரண்டடிதான் ஏறியது என்றால் குழி 20 அங்குலமாக அகன்றிருக்கிறது. பணம் கூடுதலாகப் போகும், பைலின் பலத்துக்குக் கேடில்லை. வாங்கியதைவிடக் குறைவாகச் செலவானதுதான் கவலைப்பட வேண்டிய பைல்.

குழியில் தண்ணீர் நிற்கும்போது டிரெமி குழாய் வழியாக அடியிலிருந்து நிரப்புகிறார்கள். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் ஐந்தாறு அடி புதைந்திருக்க வேண்டும். எப்போது, எவ்வளவு தூக்கலாம் என்பதையும் இதே டேப்பும் கணக்கும்தான் சொல்லும். கான்கிரீட்டை விட்டுக் குழாய் வெளியே வந்துவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து சிமென்டைக் கழுவிவிடும். கம்பிக்கூட்டை இறக்கிய பிறகும் ஒருமுறை ஆழத்தை அளப்பது அவசியம். தோண்டியபோது 22 அடியாக இருந்தது இப்போது 21 காட்டினால், அடியில் ஓர் அடி சேறு. அதை அள்ளாமல் ஊற்றினால் பைல் சேற்றின் மேல் நிற்கும்.

கரிசல் நிலத்தில் கதை கொஞ்சம் வேறு. அங்கே ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, அடியில் குமிழ் வைத்த பைல் போடுகிறார்கள். குமிழின் விட்டம் வழக்கமாகத் தண்டைப்போல இரண்டரை மடங்கு. ஓரடித் தண்டுக்கு இரண்டரை அடிக் குமிழ் வைத்தால், 45 பாகைச் சரிவில் அது கூடுதலாகப் பிடிக்கும் கான்கிரீட் சுமார் 2.65 கன அடி, அதாவது மூன்றரை அடித் தண்டுக்குச் சற்றுக் குறைவு. 12 அடித் தண்டின் 9.4 கன அடியோடு இதைச் சேர்த்தால் 12 கன அடி. ஒன்பதரை கன அடியிலேயே குழி நிரம்பிவிட்டதென்றால் குமிழ் வெட்டப்படவில்லை, அல்லது வெட்டிய குமிழ் சரிந்து மூடிவிட்டது.

பைல் எண், தோண்டிய ஆழம், ஊற்றுமுன் ஆழம், எத்தனை கலவை, ஒவ்வொன்றுக்கும் ஏற்றம் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால், சந்தேகப்பட வேண்டிய பைல் எது என்று பொறியாளருக்குப் புரியும். கான்கிரீட் இறுகிய பின் அதன் தலையில் சிறு சுத்தியலால் தட்டி, அதிர்வு திரும்பி வரும் நேரத்தைக் கருவியில் பார்க்கும் சோதனை இருக்கிறது; கழுத்தோ வெடிப்போ இருந்தால் அதிர்வு பாதியிலேயே திரும்பும். அப்படித் தெரிந்தால் பக்கத்தில் இன்னொரு பைல் போட்டு, இரண்டையும் ஒரே கேப்பில் இணைக்க அவர் சொல்லலாம். அதைப் பைல் கேப்புக்குக் கம்பி கட்டுவதற்கு முன்பே செய்தாக வேண்டும்.