‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று எழுதாதீர்கள்

கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்முதல் மேலாளருக்குத் திங்கட்கிழமை காலை முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெயில் வருகிறது. ஸ்டாக் கணக்கு வைக்கும் மென்பொருள் விற்கிறார்கள். பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் டெமோ காட்டுவார்களாம். அவர் கண்டுகொள்ளவில்லை. வியாழக்கிழமை, ‘முந்தைய மெயில் உங்கள் பார்வைக்கு வந்ததா?’ என்று அடுத்தது. பிறகு, இதே தொழிலில் இருக்கும் வேறொருவர் எப்படிப் பயனடைந்தார் என்ற கதை. அதன்பின், ‘இது சம்பந்தமாக உங்கள் அலுவலகத்தில் வேறு யாரிடம் பேசலாம்?’ கடைசியில் கொஞ்சம் மனத்தாங்கலோடு, ‘உங்கள் ஃபைலை மூடிவிடட்டுமா?’

ஒருவர் நினைவு வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதுகிறார் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. ஐந்தாறு மெயில்களை முன்கூட்டியே எழுதி, எந்த நாளில் எது போக வேண்டும் என்று ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். நீங்கள் பதில் போட்டால் அந்த வரிசை பொதுவாகத் தானாகவே நிற்கும். பதிலே இல்லையென்றால் கடைசி மெயில்வரை ஓடும். ஓடி முடிந்தபின் உங்கள் முகவரி பெரும்பாலும் வேறொரு வரிசைக்குப் போகும். ‘பேசாமல் இருந்தால் விட்டுவிடுவார்கள்’ என்ற நம் வழக்கமான உத்தி இங்கே பலிக்காததற்கு இதுதான் காரணம்.

அதனால் ஒரு பதில் எழுதுவது நல்லது. ஆனால் நம் மேலாளர் எழுதுவது எப்படி இருக்கும்? ‘மெயிலுக்கு நன்றி. நல்ல மென்பொருளாகத் தெரிகிறது. தற்போது பட்ஜெட் இல்லை, ஏப்ரலுக்குப் பிறகு பார்க்கலாம்.’ நம் ஊரில் இதைக் கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். வேண்டாம் என்பதைத்தான் மனம் நோகாமல் சொல்லியிருக்கிறார். விற்பனைக்காரரின் திரையிலோ இப்படிப்பட்ட பதிலுக்கென்று தனி அறை இருக்கிறது: ‘இப்போது இல்லை, பிறகு’. கூடவே ஒரு தேதியும் போட்டுவைப்பார்கள். ஏப்ரல் முதல் வாரம் சொல்லிவைத்தாற்போல் மெயில் வந்து நிற்கும், ‘நீங்கள் கேட்டுக்கொண்டபடி மீண்டும் தொடர்பு கொள்கிறேன்’ என்று. அவரைக் குறை சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்தது நாம்தானே.

காரணம் சொல்வதும் இதே வினையைத்தான் செய்யும். ‘ஏற்கெனவே வேறொன்று வைத்திருக்கிறோம்’ என்றால், அதிலிருந்து மாற்றிக்கொடுக்கும் வேலையை இலவசமாகச் செய்கிறோம் என்பார்கள். ‘விலை அதிகம்’ என்றால் தள்ளுபடி வரும். ஒவ்வொரு காரணத்துக்கும் என்ன மறுமொழி சொல்வது என்று பயிற்சியே கொடுத்திருப்பார்கள். இதில் மோசமானது, ‘இதை முடிவுசெய்வது நான் இல்லை, கணக்குப் பிரிவில் கேளுங்கள்’ என்று தள்ளிவிடுவது. மறுநாளே அந்தப் பிரிவுக்காரருக்கு ‘உங்கள் மேலாளர் உங்களைத் தொடர்பு கொள்ளச் சொன்னார்’ என்று மெயில் போகும். தலைவலி தீராது, இடம்தான் மாறும்.

என் கணக்கில், கீழே உள்ள பதில் போதும்:

‘வணக்கம். உங்கள் மெயிலுக்கு நன்றி. எங்கள் நிறுவனம் இந்த மென்பொருளை வாங்கப்போவதில்லை. என்னையோ எங்கள் நிறுவனத்தில் மற்றவர்களையோ இனித் தொடர்புகொள்ள வேண்டாம் என்று உங்கள் பதிவில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.’

இதில் கோபம் இல்லை, காரணமும் இல்லை, ‘தற்போது’, ‘இந்த ஆண்டு’ போன்ற காலச் சொற்களும் இல்லை. ‘எனக்கு’ என்று எழுதாமல் ‘எங்கள் நிறுவனம்’ என்று எழுதியதால், அடுத்த மேஜைக்காரரைத் தேடிப் போகும் வழியும் அடைபடுகிறது.

கடைசி வாக்கியத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலரும் ‘என் முகவரியை நீக்கிவிடுங்கள்’ என்றுதான் எழுதுவார்கள். அவர்கள் சொன்னபடியே நீக்கியும் விடலாம். ஆனால் மூன்று மாதம் கழித்து அந்த நிறுவனம் வேறொரு முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கும்போது, உங்கள் பெயர் அதில் புதுப் பெயராக வந்து சேரும். நீங்கள் மறுத்த செய்தி எங்கும் இல்லாததால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். உங்கள் முகவரி ‘தொடர்புகொள்ளக் கூடாதவர்கள்’ பட்டியலில் இருந்தால்தான் புதிதாக வரும் பட்டியலோடு ஒப்பிட்டு அதைக் கழிக்க முடியும். இந்த வேலையில் ஆட்கள் அடிக்கடி மாறுவதால், இன்றைக்கு எழுதியவரின் ஞாபகத்தை நம்பிப் பயனில்லை. பதிவில் இருக்க வேண்டும்.

‘தேவை வந்தால் நாங்களே சொல்கிறோம்’ என்று ஒரு வரி சேர்த்தால் என்ன என்று கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். படிப்பவருக்கு அது திறந்த கதவு. உண்மையிலேயே தேவை வந்தால் அவர்கள் இணையதளம் எங்கேயும் போய்விடாது.

இந்தப் பதிலுக்குப் பெரும்பாலும், ‘காரணம் தெரிந்துகொள்ளலாமா? எங்களை மேம்படுத்திக்கொள்ள உதவும்’ என்று ஒரு மெயில் வரும். படிக்கப் பணிவாகத்தான் இருக்கும். பதில் போட வேண்டாம். போட்டால் உரையாடல் தொடங்கிவிட்டது என்று பொருள். மரியாதைக்குச் செய்ய வேண்டியதை முதல் பதிலிலேயே செய்துவிட்டீர்கள். எதிர்முனையில் இருப்பவர் மாத இலக்கைத் துரத்தும் இருபத்துமூன்று வயதுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம்; அவருக்கும் தெளிவான ‘இல்லை’ நேரத்தை மிச்சப்படுத்தும்.

எல்லா மெயிலுக்கும் இந்த மரியாதை தேவையில்லை. உங்கள் பெயரே இல்லாமல் ‘அன்புள்ள ஐயா/அம்மா’ என்று தொடங்கி, நிறுவன முகவரி எதுவுமின்றி, திறக்கச் சொல்லி ஒரு கோப்பையும் ஒட்டி வருவதற்குப் பதில் எழுதினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்ததாகும். அவற்றை நேரே ஸ்பாமில் தள்ளலாம். விளம்பர மடல்களுக்கு, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயில் காட்டும் ‘Unsubscribe’ பொத்தானே போதும்.

தெளிவாக மறுத்தபின்பும் மெயில் வந்தால்? வர்த்தக மெயில்களுக்கான அமெரிக்கச் சட்டம், நிறுத்தச் சொன்னவரின் வேண்டுகோளை நிறைவேற்ற 10 வேலை நாள் தருகிறது. நாமும் அந்த அளவு பொறுக்கலாம். அதற்கு மேல் வந்தால் ஸ்பாம் பொத்தானை அழுத்துவதில் தயக்கம் வேண்டாம். அதற்கு நாம் நினைப்பதைவிட வலு அதிகம். 2024 பிப்ரவரி முதல் கூகுள், ஜிமெயிலுக்கு மெயில் அனுப்புகிறவர்கள்மீதான ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று. தாண்டினால் அவர்களின் மற்ற மெயில்களும் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேருவது சிரமமாகும். முதல் மெயிலுக்கே இந்த ஆயுதத்தை எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. மறுப்பை மதிக்காதவருக்கு எடுக்கலாம்.

முகவரியை பிளாக் செய்வது பலருக்கு ஏமாற்றம்தான் தரும். தங்கள் முதன்மை முகவரிக்குக் கெட்ட பெயர் வராமலிருக்க, பெயரில் ஓரிரு எழுத்து கூட்டியோ குறைத்தோ வேறு டொமைன்களை வாங்கி அவற்றிலிருந்து அனுப்புவது இந்தத் தொழிலில் சகஜம். ஒன்றை அடைத்தால் இன்னொன்றிலிருந்து வரும். ஆனால் மெயிலுக்குள் இருக்கும் மென்பொருளின் பெயரை அவர்களால் மாற்ற முடியாது. ஜிமெயிலில் ஃபில்டர் போடும்போது, ‘From’ கட்டத்தை விட்டுவிட்டு, ‘Has the words’ கட்டத்தில் அந்தப் பெயரை இட்டு, வருவதை நீக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர் அன்றாடப் பேச்சில் புழங்கும் சொல்லாக இருந்தால் மட்டும் கவனம். வேண்டிய மெயிலும் சேர்ந்து போய்விடும்.

மெயில் நின்றபின் தொலைபேசி ஒலிக்கக்கூடும். அங்கேயும் அதே இரண்டு வாக்கியங்களைச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். 1909-ல் பதிவுசெய்யும் டிஎன்டி வசதி அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் உதவும், மெயிலுக்கு உதவாது. மறுப்புப் பதிலை அனுப்பும்போதே அதன் நகலைக் கணக்குப் பிரிவுக்கும் கணினிப் பிரிவுக்கும் தனியாக அனுப்பிவைத்தால், அங்கே கதவைத் தட்டும்போது யாரும் விவரம் தெரியாமல் ‘சரி, டெமோ காட்டுங்கள்’ என்று சொல்லிவிட மாட்டார்கள்.