யோகா மாஸ்டருக்கு முட்டியைப் பற்றி எப்படிச் சொல்வது?

யோகா வகுப்பில் புதிதாகச் சேருபவர்கள் மாஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "சார், எனக்கு முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருக்கு, பாத்துக்கோங்க." கூடவே எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்தும் அனுப்புவார்கள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த ஆசனத்தை விடுவது, எதை மாற்றுவது என்று ஒரு ஆசிரியரால் முடிவு செய்ய முடியாது.

நம் ஊரில் முட்டிக்குள் எது பழுதானாலும் ஜவ்வு என்றுதான் சொல்கிறோம். ஆனால் எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் லிகமென்ட் கிழிவது வேறு, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே மெத்தை போலக் கிடக்கும் மெனிஸ்கஸ் கிழிவது வேறு. முன் லிகமென்ட் போனவருக்கு நின்று திரும்பும்போது முட்டி நழுவி ஆளையே கீழே தள்ளிவிடும். அவருக்கு ஒற்றைக்காலில் நிற்பதே ஆபத்து. மெனிஸ்கஸ் கிழிந்தவரோ நன்றாக நிற்பார், நடப்பார். குத்தவைத்து உட்காரும்போதுதான் அவருக்கு உயிர் போகும். இருவருக்கும் ஒரே வகுப்பு நடத்த முடியாது.

ரிப்போர்ட்டும் முழுக்கதையைச் சொல்வதில்லை. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரை உள்ளவர்களின் முட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளியானது. மெனிஸ்கஸில் கிழிசல் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றே சொன்னார்கள். அதாவது படத்தில் தெரியும் கிழிசலும் ஒருவர் படும் வலியும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. ஆசிரியருக்கு வேண்டியது வியாதியின் பெயரைவிட, எந்த அசைவில், எவ்வளவு மடக்கும்போது, எந்த இடத்தில் வலிக்கிறது என்ற விவரம்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்து பார்க்கும் வேலை. மாடிப்படி இறங்கும்போது வலது கால் பிசகி, மூன்று மாதமாக அவதி. அவர் அனுப்ப வேண்டிய செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மாஸ்டர். திங்கட்கிழமையிலிருந்து காலை 6 மணி வகுப்புக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் வலது முட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் படி இறங்கும்போது கால் திரும்பிவிட்டது. மெனிஸ்கஸில், உள்பக்கம் பின்பகுதியில், சின்னக் கிழிசல். லிகமென்ட் நன்றாக இருக்கிறது. ஆபரேஷன் தேவையில்லை என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வாரம் பிசியோதெரபி முடித்தேன். யோகா செய்யலாம், ஆனால் சம்மணம், வஜ்ராசனம், குத்தவைத்து உட்காருவது மூன்றும் இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடக்கினால் வலி இல்லை. அதற்கு மேல் மடக்கினால் முட்டிக்கு உள்பக்கம் பின்னால் குத்துகிறது. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பை மட்டும் திருப்பினால் சுருக்கென்று பிடிக்கிறது. காலை நேராக நீட்டினால் வலியே இல்லை. அரை மணி நேரம் நடப்பேன். அளவு மீறினால் அப்போது தெரியாது, மறுநாள் காலையில் முட்டி வீங்கி இறுகிவிடும். வலி மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. தயவுசெய்து காலைக் கையால் அழுத்தியோ இழுத்தோ சரிசெய்ய வேண்டாம், வாயால் சொன்னால் நானே மாற்றிக்கொள்கிறேன். சுவர் ஓரமாக இடமும் ஒரு நாற்காலியும் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

இதைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு மணி நேர வகுப்பில் எங்கெல்லாம் கவனிக்க வேண்டும் என்பது ஆசிரியருக்குப் படிக்கும்போதே தெரிந்துவிடும். வகுப்பு தொடங்குகிற நேரத்தில் இருபது பேர் நடுவில் காதோரம் சொல்வதைவிட முந்தின நாளே அனுப்புவது நல்லது. அவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

இனி அந்தச் செய்தி வகுப்பில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கலாம். சூரிய நமஸ்காரத்தில் ஒரு காலைப் பின்னால் நீட்டி, மறுகாலை இரண்டு கைகளுக்கு நடுவே கொண்டுவரும் நிலை வரும். முன்னால் இருக்கும் முட்டி 90 டிகிரியைத் தாண்டி மடங்கும், உடம்பின் பாரமும் அதன் மேல் விழும். "நாற்காலி அளவுக்கு மேல் வலிக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதும், இந்த நிலையைத் தரையில் செய்ய விடாமல் நாற்காலியின் இருக்கையில் கைகளை ஊன்றிச் செய்யச் சொல்வார். இடுப்பு உயரத்திலேயே நிற்பதால் முட்டி அவ்வளவு மடங்காது.

வீரபத்ராசனமும் திரிகோணாசனமும் அவருக்குத் தடை இல்லை. ஆனால் பக்கம் மாறும்போது பலரும் பாதத்தை விரிப்பின் மேல் வைத்தபடியே தேய்த்துத் திருப்புவார்கள். ரப்பர் விரிப்பு பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், தொடை திரும்பிவிடும், நடுவில் முட்டி முறுக்கிக்கொள்ளும். பாதத்தைத் தூக்கி, திருப்பி, பிறகு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இப்படி ஒரு சின்ன விஷயம் ஆசிரியருக்குத் தோன்ற வேண்டுமானால் "திருப்பினால் பிடிக்கிறது" என்று நாம் சொல்லியிருக்க வேண்டும். விருட்சாசனத்தில் பாதத்தை எதிர்க்கால் முட்டியின் பக்கவாட்டில் அழுத்தி வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் பொது விதி. இவருக்கு வலது காலை மேலே மடக்கி ஏற்றுவதும் வேண்டாம். குதிகாலை இடது கணுக்காலில் சாய்த்து, விரல் நுனி தரையில் இருக்க, சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றால் போதும்.

பத்மாசனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யோகாவில் முட்டி கெடுவதற்கு முக்கியமான வழி அதுதான். பாதம் எதிர்த்தொடையின் மேல் ஏற வேண்டுமானால் தொடை எலும்பு இடுப்பு மூட்டில் வெளிப்பக்கமாக நன்றாகச் சுழல வேண்டும். நாள் முழுக்க நாற்காலியில் உட்காருபவர்களுக்கு இடுப்பு அந்த அளவுக்குச் சுழலாது. பாதத்தைக் கையால் இழுத்து ஏற்றும்போது இடுப்பு கொடுக்காத திருப்பத்தை முட்டி கொடுக்க வேண்டியதாகிறது. முட்டியோ முக்கியமாக மடக்கவும் நீட்டவும் அமைந்த மூட்டு, பக்கவாட்டில் கொஞ்சம்தான் சுழலும். அதில் உள்பக்க மெனிஸ்கஸ் மூட்டு உறையோடும் லிகமென்ட்டோடும் இறுக ஒட்டியிருப்பதால் வெளிப்பக்கத்ததைப் போல விலகிக் கொடுக்காது, எலும்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். முட்டியின் உள்பக்கம் கிள்ளுவது போல வலித்தால் இதுதான் நடக்கிறது என்று பொருள். பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தால் இடுப்பு தளராது, கிழிசல்தான் பெரிதாகும். இவர் மூச்சுப்பயிற்சியை நாற்காலியிலேயே செய்யலாம். தரையில்தான் வேண்டும் என்றால் கெட்டியாக மடித்த இரண்டு மூன்று போர்வையின் மேல் ஏறி உட்கார்ந்து, வலது காலை முன்னால் நீட்டிவைத்துக்கொள்ளலாம்.

வஜ்ராசனத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். சாப்பிட்டதும் வஜ்ராசனத்தில் உட்கார்ந்தால் செரிமானம் நன்றாக இருக்கும் என்று கேட்டு வீட்டில் தினமும் செய்பவர்கள் நிறையப் பேர். முட்டி முழுவதும் மடங்கி, மேலே உடம்பின் பாரமும் உட்காரும் நிலை அது. வகுப்பில் விட்டுவிட்டு வீட்டில் செய்தால் பலன் இல்லை. வீட்டில் என்ன செய்கிறோம் என்பதையும் செய்தியில் ஒரு வரி சேர்ப்பது நல்லது.

வலி மாத்திரை பற்றிய வரியை யாரும் எழுதுவதில்லை, ஆனால் அது அவசியம். வகுப்புக்குப் போகும் முன் மாத்திரை போட்டுக்கொண்டால் "வலித்தால் நிறுத்துங்கள்" என்று ஆசிரியர் சொல்வதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. வலிதான் அங்கே எல்லைக்கோடு, மாத்திரை அதை அழித்துவிடும். மாத்திரை போட்டிருக்கும் நாளில் அதைச் சொல்லிவிட்டு, செய்வதையும் பாதியாகக் குறைத்துக்கொள்வதே சரி.

தோள்பட்டையில் காயம் என்றால் செய்தியின் போக்கு ஒன்றுதான், கேள்விகள் மாறும். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது எந்த உயரத்தில் வலி தொடங்குகிறது, மேலே போனபின் விடுகிறதா என்று சொல்லுங்கள். தோளைச் சுற்றியுள்ள தசைநாரில் பிரச்சினை இருந்தால் பெரும்பாலும் நடுவழியில் வலித்து மேலே போனதும் குறையும். தோள் இறுகிப்போனவருக்கு, அதாவது டாக்டர்கள் ஃப்ரோசன் ஷோல்டர் என்று சொல்லும் நிலையில், இன்னொருவர் பிடித்துத் தூக்கினால்கூடக் கை ஒரு அளவுக்கு மேல் போகாது. முன்னவருக்கு உடம்பைக் கைகளில் தாங்கும் சதுரங்க தண்டாசனம்தான் முதல் எதிரி. பின்னவருக்கு யாராவது கையைப் பிடித்து இழுப்பதுதான் எதிரி. எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கெடுகிறது என்பதையும் எழுதுங்கள், சவாசனத்தில் தலையணையை எங்கே வைப்பது என்று ஆசிரியருக்குத் தெரியும்.

முதல் வகுப்பு முடிந்த மறுநாள் காலையில் இன்னொரு சின்னச் செய்தி அனுப்ப வேண்டும். செய்யும்போது லேசாக இருந்த வலி காலைக்குள் அடங்கிவிட்டால் அந்த அளவு சரி. வீங்கியிருந்தாலோ முந்தின நாளைவிட மடக்கக் கஷ்டமாக இருந்தாலோ அளவு மீறிவிட்டது, அடுத்த வகுப்பில் எதையாவது கழிக்க வேண்டும். "நேற்று நாற்காலி நமஸ்காரம் ஒத்துக்கொண்டது. வீரபத்ராசனத்துக்குப் பிறகுதான் இறுகியது" என்று எழுதினால் எதைக் கழிப்பது என்று அவருக்குத் தெரியும். முட்டி மடங்கிய நிலையில் மாட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனாலோ, சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் திடீரென்று வீங்கினாலோ செய்தி ஆசிரியருக்குப் போகக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றுவது யோகாவுக்குப் புதிதல்ல. சென்னையில் நீண்ட காலம் கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியார் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பாடம் அமைத்துக் கொடுத்தவர். அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அதே வழியில் வந்தது. கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் நாற்காலி, பெல்ட், கட்டை, போர்வை எல்லாவற்றையும் ஆசனத்துக்குத் துணையாகப் பயன்படுத்திக் காட்டினார். ஆகவே நாற்காலி கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

செய்தி அனுப்பியபின் வரும் பதிலையும் கவனியுங்கள். "எவ்வளவு மடங்குகிறது, படி இறங்கும்போது எப்படி இருக்கிறது, டாக்டர் வேறு ஏதாவது சொன்னாரா" என்று திருப்பிக் கேட்பவரிடம் தைரியமாகச் சேரலாம். "அதெல்லாம் பழகப் பழகச் சரியாகிடும்மா, வாங்க" என்று மட்டும் பதில் வந்தால், பணம் கட்டும் முன் வேறு வகுப்பைத் தேடுங்கள்.