மாதம் 2,000 பெட்டி, வாரம் ஒரு வண்டி

முறுக்கும் சீடையும் போட்டு ஊர் ஊராக அனுப்பும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 அட்டைப்பெட்டி செலவாகிறது. மாதத்துக்கு 25 வேலைநாள் என்றால் 2,000 பெட்டி. பெட்டி தீரும்போது போன் போட்டு வாங்குவதுதான் அங்கே வழக்கம். பெட்டிக்காரரிடம் அன்றைக்குக் காகிதம் இருந்தால் வரும். இல்லையென்றால் முறுக்கு டின்னிலேயே கிடக்கும். அதற்குப் பயந்து ஒரே தடவையில் 2,000 பெட்டியை இறக்கினாலோ, வைக்க இடம் போதாது. மழைக்காலத்தில் அட்டை ஈரம் குடித்துத் தொய்ந்துபோகும். அந்தப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்கும்.

இரண்டுக்கும் நடுவே உள்ள வழிதான் நிலையான மாத ஆர்டர். விலை, அளவு, அச்சு, மாத மொத்தம் எல்லாவற்றையும் ஒருமுறை பேசி எழுதிக்கொள்வது. சரக்கை மட்டும் தேதிவாரியாகப் பிரித்து வாங்குவது. நம் பட்டறைக்கு வாரம் 500 பெட்டி போதும். மூன்று நாள் செலவான 240 பெட்டி எப்போதும் கையிருப்பில் இருந்தால், வண்டி ஒருநாள் பிந்தினாலும் வேலை நிற்காது.

எழுதும்போது “திங்கள்தோறும்” என்று எழுதாதீர்கள். 2025 செப்டம்பரில் 5 திங்கட்கிழமைகள் வந்தன. அப்படி எழுதியிருந்தால் 2,000 கேட்டவருக்கு 2,500 வந்து இறங்கியிருக்கும். செப்டம்பர் 1, 8, 15, 22 என்று தேதியைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே 500 என்று எழுதுங்கள். 29ஆம் தேதி வண்டி அக்டோபர் கணக்கு.

எண்ணிக்கையை எப்போது மாற்றலாம் என்பதில்தான் சண்டை வரும். பெட்டி செய்யும் விதம் தெரிந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். முதலில் காகித உருளை வர வேண்டும். பிறகு நெளிதாளைப் பசையிட்டு ஒட்டி, காயவைத்து, உங்கள் பெயரை அச்சடித்து, வெட்டி, பின் அடிக்க வேண்டும். அச்சடித்த பெட்டியை வேறு யாருக்கும் விற்க முடியாது. ஆகவே அடுத்து வரும் வண்டியின் கணக்கில் கை வைக்கக் கூடாது, அது அச்சேறிவிட்டது. அதற்கடுத்த வண்டியில் 100 பெட்டி வரை கூட்டலாம், குறைக்கலாம். காகிதம் இருக்கிறது, அச்சு மட்டும் பாக்கி. மூன்றாவது வண்டியிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். காகிதமே அப்போதுதான் வாங்குவார்.

செப்டம்பர் 4, வியாழக்கிழமை. தீபாவளிக்குக் கூடுதல் ஆர்டர் வந்து, 300 பெட்டி அதிகம் தேவைப்படுகிறது. 8ஆம் தேதி வண்டியைத் தொட முடியாது. 15ஆம் தேதி 500-ஐ 600 ஆக்கலாம். மீதி 200-ஐ 22ஆம் தேதியில் சேர்த்தால் அது 700. மாத மொத்தம் 2,300.

இதைச் சொல்லும் விதமும் முக்கியம். “15ஆம் தேதிக்கு 100 கூட்டி அனுப்புங்க அண்ணே” என்று முதலாளி போனில் சொல்வார். அதையே கணக்குப்பிள்ளை மாலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பெட்டிக்காரர் இரண்டு நூறையும் சேர்த்து 700 அனுப்பிவிடுவார். கூடுதலைச் சொல்லாமல் புதிய முழு எண்ணைச் சொன்னால் இந்தக் குழப்பம் வராது. “செப்டம்பர் 15: 600, முன்பு 500” என்பதை இரண்டு முறை அனுப்பினாலும் பொருள் 600தான். மாற்றம் ஒரே ஆள் வழியாக, எழுத்தில் போக வேண்டும். பெட்டிக்காரர் “சரி” என்று பதில் எழுதும்வரை பழைய கணக்கே செல்லும்.

இன்னொரு பத்தியும் தாளில் இருக்கட்டும்: மாதத் தொடக்கத்திலிருந்து அன்றுவரை வர வேண்டிய மொத்தம். நம் கணக்கில் அது 500, 1,000, 1,600, 2,300. 15ஆம் தேதி வண்டியில் 560 பெட்டிதான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வந்தது 1,560, வர வேண்டியது 1,600. அப்படியானால் 22ஆம் தேதி 740 வர வேண்டும். போன வாரப் பாக்கி சேர்ந்ததா, விட்டுப்போனதா என்று யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

வியாபாரம் படுத்துப்போனால் அச்சடித்த பெட்டிகளை யார் ஏற்பது என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த வண்டியின் 500 பெட்டிக்கு நீங்கள் பொறுப்பு, அதற்கு மேல் இல்லை என்பது இருவருக்கும் நியாயம். காகித விலை ஏறி இறங்கும் என்பதால், விலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேசிக்கொள்ளலாம்.

எண் மாறும்போதெல்லாம் புதுத் தாள் எழுதி, மேலே தேதியும் வரிசை எண்ணும் போடுங்கள். இரண்டு இடத்திலும் சுவரில் தொங்குவது அந்த ஒரே தாளாக இருக்க வேண்டும். பழையதைக் கிழித்துப் போட மறக்காதீர்கள்.