நூறு எம்பிபிஎஸ் இருந்தும் ஏன் தாமதம்?

சென்னையில் ஒரு வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் நூறும் முழுசாகக் காட்டுகிறது. சென்னையிலேயே இருக்கும் ஒரு சர்வரிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை எடுத்தால் நொடிக்குப் பன்னிரண்டு எம்.பி. வரை இறங்குகிறது. அதே கோப்பை அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள சர்வரிலிருந்து எடுத்தால், ஒன்றிரண்டு எம்.பி.யிலேயே திணறுவதுண்டு. கம்ப்யூட்டரும் அதேதான், வைஃபையும் அதேதான். இணைப்பு கொடுத்த நிறுவனம் ஏமாற்றுகிறது என்றோ, கடலுக்கடியில் போகும் கேபிள் போதவில்லை என்றோ பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணமல்ல. காரணம், அனுப்புகிற சர்வர் பதிலுக்காகக் காத்திருப்பதுதான்.

சர்வர் ஒரு கோப்பை மொத்தமாக அனுப்புவதில்லை. சுமார் 1,460 பைட் கொண்ட சிறு சிறு பாக்கெட்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. அவை வந்து சேர்ந்ததும் நம் கம்ப்யூட்டர் 'கிடைத்தது' என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் வராத சரக்கு ஓர் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் சர்வர் நின்றுவிடும். மொத்த வியாபாரி கடைக்காரருக்குக் கொடுக்கும் கடன் வரம்பு போன்றது இது. பழைய பாக்கி வந்தால்தான் அடுத்த மூட்டை வண்டியேறும். உள்ளூர்க் கடைக்காரர் அன்றைக்கே பணம் கட்டிவிடுவார், வியாபாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியூர்ப் பணம் வர வாரக்கணக்கில் ஆனால், கிடங்கு நிறையச் சரக்கு இருந்தும் வண்டி சும்மா நிற்கும். இணையத்தில் இந்த ஏற்பாட்டை நடத்தும் விதிமுறைக்கு டிசிபி என்று பெயர். அந்த வரம்பை 'விண்டோ' என்கிறார்கள்.

பதில் வர எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. சென்னைக்கும் வர்ஜீனியாவுக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். போய்வர 28,000. ஒளிக்கே அதற்கு 140 மில்லிநொடி தேவை. கேபிள்கள் நேர்க்கோட்டில் போவதில்லை, கடற்கரைகளைச் சுற்றி வளைந்து போகின்றன. ஆகவே நடைமுறையில் கால் நொடி, அதாவது 250 மில்லிநொடி என்று கொள்ளலாம். ஊருக்குள் இருக்கும் சர்வருக்கு 5 மில்லிநொடி போதும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்.பி. லைன் ஒரு கணமும் சும்மா இராமல் நிறைந்து ஓட வேண்டுமானால், முதல் பாக்கெட்டுக்குப் பதில் வந்து சேரும்வரை சர்வர் நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளூர் சர்வருக்கு அந்த 5 மில்லிநொடியில் 62 கே.பி. அனுப்பினால் போதும். வர்ஜீனியா சர்வரோ 3 எம்.பி.க்கு மேல் வழியில் விட்டு வைத்திருக்க வேண்டும். டிசிபி உருவானபோது இந்த வரம்பு அதிகபட்சம் 65,535 பைட்தான். அந்த அளவில் உள்ளூர் சர்வர் நூறு எம்பிபிஎஸ்ஸை எட்டிவிடும். கால் நொடிக்கு ஒருமுறை 64 கே.பி. அனுப்பும் வர்ஜீனியா சர்வர் 2 எம்பிபிஎஸ்ஸைத் தாண்ட முடியாது. 1992இல் வந்த ஒரு திருத்தம் இந்த உச்சவரம்பை உயர்த்தியது. இன்றைய கம்ப்யூட்டர்களும் போன்களும் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் உயர்ந்த வரம்பை எட்டிப்பிடிக்கவும் நேரம் வேண்டும்.

ஏனென்றால் எந்த சர்வரும் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் அனுப்பாது. 1986இல் கலிபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சில நூறு மீட்டர் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஓடிய இணைப்பு, நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. எல்லோரும் கட்டுப்பாடின்றி அனுப்பியதால் நேர்ந்த நெரிசல் அது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் வகுத்த ஒழுங்கைத்தான் இணையம் இன்றும் அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. முதலில் கொஞ்சம் அனுப்பு, பதில் வந்தால் இரட்டிப்பாக்கு, பாக்கெட் தொலைந்தால் குறைத்துக்கொள்.

இன்றைய வழக்கப்படி முதல் சுற்றில் பத்து பாக்கெட், அடுத்து இருபது, பிறகு நாற்பது. 3 எம்.பி.யைத் தொட எட்டு முறை இரட்டிப்பாக வேண்டும். வர்ஜீனியாவுக்கு ஒவ்வொரு சுற்றும் கால் நொடி என்பதால், முழு வேகம் பிடிக்கவே இரண்டு நொடி. ஒரு எம்.பி. அளவுள்ள படம் அதற்குள் இறங்கி முடிந்துவிடும். முழு வேகத்தை அது பார்ப்பதே இல்லை. உள்ளூரில் இந்த ஏற்றம் சுமார் 15 மில்லிநொடியில் முடிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு வழியில் ஒரு பாக்கெட் தொலையும்போது நேர்கிறது. நெரிசல் என்று எண்ணி சர்வர் தன் விண்டோவைப் பாதியாக்கிக்கொள்ளும். பிறகு சுற்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் கூட்டிக்கொண்டு போகும். உள்ளூர் சர்வர் வழியில் வைத்திருந்தது நாற்பத்துச் சொச்சம் பாக்கெட்தான். இழந்த இருபதையும் மீட்க அதற்கு பத்தில் ஒரு நொடி போதும். வர்ஜீனியா சர்வரிடம் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. இழந்த ஆயிரத்தை, கால் நொடிக்கு ஒன்றாக மீட்க நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இன்னொரு பாக்கெட் தொலைந்தால் மீண்டும் பாதி. பழைய டிசிபியின் கணக்கு இது. லினக்ஸ் சர்வர்களில் 2006 முதல் வழக்கத்தில் உள்ள 'கியூபிக்' முறை இதே இழப்பை ஏறக்குறையப் பன்னிரண்டு நொடியில் மீட்டுவிடும். அப்போதும் உள்ளூர் சர்வரோடு ஒப்பிட்டால் அது நூறு மடங்கு நேரம்.

உங்கள் வீட்டில் தாமதத்துக்குத் தூரம்தான் காரணமா என்று சோதிக்கலாம். ஸ்பீடு டெஸ்ட் இதற்கு உதவாது. அது பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கும். `ping` கட்டளையோடு, கோப்பு இருக்கும் சர்வரின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். காலையிலும் இரவிலும் 250 மில்லிநொடியை ஒட்டியே காட்டினால் அது தூரம். இரவில் மட்டும் எண் எகிறினால் வழியில் நெரிசல். பிறகு அதே கோப்பை ஒரே சமயத்தில் நான்கு இணைப்புகளில் இழுத்துப் பாருங்கள். `aria2c` என்ற இலவச நிரலில் இப்படி:

```
aria2c -x 4 -k 1M கோப்பின்_முகவரி
```

வேகம் மூன்று நான்கு மடங்கானால் உங்கள் லைனில் குறையில்லை. நான்கு இணைப்புக்கும் தனித்தனி விண்டோ. ஒன்றில் பாக்கெட் தொலைந்தாலும் மற்ற மூன்றும் குறையாமல் ஓடும். டவுன்லோடு மேனேஜர்கள் வேகமாக இருப்பதன் ரகசியம் இதுதான். ஒரு இணைப்புக்கு இவ்வளவுதான் என்று சர்வரே வரம்பு வைத்திருந்தாலும் இதே பலன் தெரியும். நான்கிலும் சேர்த்து வேகம் கூடவில்லை என்றால், சர்வர் உங்களுக்கென்று மொத்தமாகக் கட்டுப்பாடு விதித்திருக்கலாம், அல்லது வழியில் நெரிசல் இருக்கலாம்.

பெரிய வீடியோ நிறுவனங்கள் ஒளியை விரைவுபடுத்த முயலவில்லை. தங்கள் கோப்புகளின் பிரதிகளை நம் ஊர்களுக்கு அருகிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டன. அதனால்தான் வெளிநாட்டுப் படம் தடங்கலின்றி ஓடும் அதே வீட்டில், சிறு மென்பொருள் ஒன்று இறங்கத் திணறுகிறது. அந்த மென்பொருளை வைத்திருப்பவருக்கு இங்கே பிரதி இல்லை.

ஆகவே, தொலைதூர டவுன்லோடு மந்தமாக இருக்கிறது என்பதற்காக 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். லைனின் அகலம் மூன்று மடங்காகலாம், வர்ஜீனியா ஓர் அடிகூட நெருங்கி வராது. டவுன்லோடு பக்கத்தில் 'மிரர்' பட்டியல் இருந்தால் இந்தியாவையோ சிங்கப்பூரையோ தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நான்கு இணைப்பாகப் பிரித்து இழுங்கள். இரண்டுக்கும் மாதக் கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது.