‘நிறுத்தம்’ என்றால் தற்காலிகமா, நிரந்தரமா? பொது அறிவிப்புகளின் சொற்கள் உணர்த்துவது என்ன?

ரயில், தொலைத்தொடர்பு, வங்கி எனப் பொதுச் சேவை நிறுவனங்கள் வெளியிடும் அறிவிப்புகளில் ‘சஸ்பெண்ட்’, ‘டிஸ்கன்டின்யூ’, ‘சீஸ்’, ‘ஹால்ட்’ ஆகிய ஆங்கிலச் சொற்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. தமிழில் இவை பெரும்பாலும் ‘நிறுத்தம்’ என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. ஆனால், சேவை திரும்ப வருமா, மக்களுக்கு என்ன உரிமை எஞ்சியிருக்கிறது என்பதில் இவற்றுக்கிடையே பெரும் வேறுபாடு உண்டு.

நிறுத்திவைப்பு

‘சஸ்பெண்ட்’ என்பதற்குப் பொருத்தமான தமிழ் ‘நிறுத்திவைப்பு’. சேவை கைவிடப்படவில்லை, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தொடரும் என்பது இதன் உட்பொருள். இச்சொல்லின் எல்லையை உச்சநீதிமன்றமே தெளிவுபடுத்தியுள்ளது.

ஜம்மு-காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணைய சேவை முடக்கப்பட்டதை எதிர்த்துப் பத்திரிகையாளர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், 2020 ஜனவரி 10-ஆம் தேதி தீர்ப்பளிக்கப்பட்டது. அப்போது நடைமுறையில் இருந்த 2017-ஆம் ஆண்டின் விதிகள் தற்காலிக நிறுத்திவைப்புக்கு மட்டுமே இடமளித்தன. எனவே காலவரையறையின்றி இணையத்தை முடக்கும் உத்தரவு செல்லாது என நீதிமன்றம் கூறியது. அத்தகைய உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. அதன்பின் அதே ஆண்டு நவம்பரில் விதிகள் திருத்தப்பட்டு, ஓர் உத்தரவு 15 நாள்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது என வரம்பு விதிக்கப்பட்டது. ஆகவே, இணைய சேவை ‘நிறுத்திவைக்கப்படுகிறது’ என்ற அறிவிப்பில் முடிவுத் தேதி இல்லையெனில், அது கேள்வி எழுப்பத்தக்க குறையாகும்.

நிரந்தர நிறுத்தம்

‘டிஸ்கன்டின்யூ’ என்ற சொல்லில் மீண்டும் தொடங்கும் எண்ணம் இல்லை. நாட்டில் 160 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிய தந்தி சேவை இதற்குச் சான்று. 2013 ஜூலை 15 முதல் தந்தி சேவை நிறுத்தப்படும் என பிஎஸ்என்எல் அறிவித்தது. முந்தைய நாளான 14-ஆம் தேதி, கடைசித் தந்தியை அனுப்பத் தந்தி அலுவலகங்களில் மக்கள் திரண்டனர்.

இத்தகைய அறிவிப்பில் ‘எதுவரை’ என்ற தேதி இருக்காது. ‘எதிலிருந்து’ என்ற தேதி மட்டுமே இருக்கும். எனவே, நிலுவையில் உள்ள வேலைகளையும், திரும்பப் பெற வேண்டிய முன்பணத்தையும் அந்தத் தேதிக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

முடிவுறுதல்

‘சீஸ்’ என்ற சொல் சட்ட ஆவணங்களில், ஒரு தகுதியோ பொறுப்போ அற்றுப்போவதைக் குறிக்கிறது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு, புழக்கத்தில் இருந்த 500, 1,000 ரூபாய் நோட்டுகள் சட்டப்படி செல்லத்தக்க பணமாக இருப்பது முடிவுக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. தாள்கள் கையில் இருந்தன. அவற்றின் தகுதி மட்டும் நீங்கியது. அவற்றின் மீதான ரிசர்வ் வங்கியின் பொறுப்பு முடிவுற்றதை உறுதிசெய்ய 2017-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

இதற்கு மாறாக, 2023 மே 19-ஆம் தேதி 2,000 ரூபாய் நோட்டுகள் குறித்த அறிவிப்பில் ரிசர்வ் வங்கி ‘புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுதல்’ என்ற சொற்றொடரையே பயன்படுத்தியது. அந்த நோட்டுகள் சட்டப்படி தொடர்ந்து செல்லும் என்றும் அதே அறிவிப்பில் தெரிவித்தது. இரண்டையும் ‘நோட்டு நிறுத்தம்’ என்று சுருக்கினால், செல்லும் பணத்தைச் செல்லாதது என ஒருவர் தவறாகக் கருத நேரிடும்.

எதிர்ப்பொருள் தரும் ‘நிறுத்தம்’

ரயில்வேயில் ‘ஹால்ட்’ என்பது சேவை இல்லாமையை அல்ல, சேவை கிடைக்கும் இடத்தைக் குறிக்கிறது. சில ரயில்கள் மட்டும் நின்று செல்லும் சிறு நிலையங்களுக்கு அதுவே பெயர். பேருந்து நிறுத்தம் என்பதும் அத்தகையதே. ஆகவே, ‘ரயில் நிறுத்தம் ரத்து’ என்றால் ரயில் ரத்தாகவில்லை. ரயில் ஓடும், அந்த ஊரில் மட்டும் நிற்காது. ‘ரயில் சேவை ரத்து’ என்பது அதிலிருந்து முற்றிலும் வேறானது. அதில் ரயிலே ஓடாது. இணையவழி முன்பதிவுக் கட்டணம் தானாகவே திரும்ப வரவு வைக்கப்படும். இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையே உள்ளது ஒரு சொல் வேறுபாடு மட்டுமே.

அறிவிப்பின் தலைப்பில் ‘நிறுத்தம்’ என்று மட்டும் இருந்தால், அதன் உள்ளே இரண்டு தகவல்களைத் தேடலாம். முடிவுத் தேதியோ, ‘மறு அறிவிப்பு வரும் வரை’ என்ற சொற்களோ இருந்தால் அது நிறுத்திவைப்பு. மாற்றுச் சேவையின் பெயரும் கணக்கை முடித்துக்கொள்வதற்கான காலக்கெடுவும் இருந்தால், அந்தச் சேவை திரும்ப வர வாய்ப்பில்லை.