புல்வெளி ஆய்வேடும் தேர்வாளரின் முதல் கேள்வியும்

புல்வெளித் தாவர வகைமையை ஆராய்ந்தவரின் வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும் முதலில் சோதிக்கப்படுவது மாதிரி எடுத்த முறைதான். நீலகிரியில் மாடு மேயும் சரிவு ஒன்றிலும், வேலியிட்ட சரிவு ஒன்றிலும் ஒரு மீட்டர் சதுரங்கள் தலா 30 போடப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். சதுரங்கள் 60 ஆனாலும் ஒப்பிடப்படுபவை இரண்டே சரிவுகள். ஒரே சரிவின் சதுரங்கள் மண்ணையும் ஈரத்தையும் பகிர்ந்துகொள்வதால் அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ண முடியாது. போலி மறுபதிவு எனப்படும் இந்தப் பிழையை 1984இல் ஹர்ல்பெர்ட் விரிவாக எடுத்துக்காட்டினார். அதன் பிறகு தேர்வாளர்கள் இதை எளிதில் விடுவதில்லை.

சதுரங்களின் எண்ணிக்கையைச் சொல்லி இதற்குப் பதில் கூறுவது வீண். ‘இந்த இரு சரிவுகளுக்கு இடையே வேறுபாடு உண்டு, அதற்கு மேய்ச்சல்தான் காரணம் என்று இத்தரவால் நிறுவ முடியாது’ என்று முடிவைச் சுருக்கிக்கொள்வதே நேர்மையான விடை. இரண்டின் மண் ஆழம், சாய்வு, உயரம் ஆகிய அளவுகள் கைவசம் இருந்தால் அந்த விடைக்கு வலுக் கூடும். சரிவுகள் பல இருந்திருந்தால், ஒவ்வொன்றின் சராசரியையும் ஒரே மதிப்பாகக் கொண்டு தேர்வுக்கு முன்பே மறுகணக்கிடலாம்.

அடுத்த கேள்வி இனங்காணல் பற்றியது. பல புற்களைப் பூங்கதிரின் சிறுகதிர்களைப் பார்த்தே உறுதியாக அடையாளம் காண முடியும். வேலியில்லாச் சரிவிலோ மாடுகள் கதிரையே தின்றுவிடுகின்றன. அங்கே இனங்கள் குறைவாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அடையாளம் காணாத மாதிரிகள் ஒவ்வொரு சரிவிலும் எத்தனை என்ற அட்டவணையை ஆய்வாளர் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.